“தப்பு பண்ணிட்டேன்” என்று மட்டும் ஒருவர் சொன்னால்…

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

இன்றைய ஜும்ஆவில் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் பேசலாம் என்று நினைக்கிறேன். முதலில் என்னுடைய ஒரு தவறைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு நாள் இரவு. இஷா முடிந்து வீட்டுக்குப் போய், படுக்கப் போகிற நேரம். பெயர் பதியாத ஓர் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. “ஹஜ்ரத், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்.” அவ்வளவுதான். ஸலாம் இல்லை, பெயர் இல்லை, வேறு ஒரு வரியும் இல்லை.

நான் உடனே, “யார் நீங்க? என்ன தப்பு?” என்று எழுதினேன். நீல டிக் விழுந்தது. அவர் பார்த்துவிட்டார். ஏதோ டைப் செய்தார், நிறுத்தினார், மறுபடியும் டைப் செய்தார், பிறகு அதுவும் நின்றுவிட்டது. மறுநாள் பார்த்தால் அந்த எண்ணில் இருந்த படம் தெரியவில்லை. நான் அனுப்பிய ஸலாமும் போய்ச் சேரவில்லை. என்னை பிளாக் செய்துவிட்டார். அவர் யார், எந்த நிலையில் எழுதினார், அதற்குப் பிறகு என்ன ஆனார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

நான் திட்டவில்லை. கோபப்படவில்லை. இரண்டே இரண்டு கேள்விதான் கேட்டேன். அந்த இரண்டு கேள்விதான் அவரைத் திருப்பி அனுப்பியது.

அதற்குப் பிறகுதான் அரபுக் கல்லூரியில் ஓதிய ஒரு ஹதீஸ் எனக்கு நினைவுக்கு வந்தது. அப்போது அதைக் குற்றவியல் பாடத்தில் ஒரு சட்டமாக ஓதினோம், தேர்வில் எழுதினோம், மறந்துவிட்டோம். அந்த ஹதீஸில் இருந்தவர் என் போனுக்கு வந்தவரைப் போன்ற ஒரு மனிதர்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

நபியவர்கள் கேட்காத கேள்வி

அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி. நபி (ஸல்) அவர்களிடம் ஒரு மனிதர் வருகிறார். தண்டனைக்குரிய ஒன்றைத் தான் செய்துவிட்டதாகவும், அந்தத் தண்டனையைத் தனக்கு நிறைவேற்றும்படியும் சொல்கிறார். என்ன செய்தார் என்று சொல்லவில்லை.

நபியவர்கள் அதைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை. சகோதரர்களே, இதை அனஸ் (ரலி) அவர்களே எடுத்துச் சொல்கிறார்கள். வழக்கமாக அறிவிப்பாளர், நடந்ததைச் சொல்வார், பேசியதைச் சொல்வார். இங்கே நடக்காத ஒன்றை, கேட்கப்படாத ஒரு கேள்வியைக் கவனித்து நமக்குச் சொல்கிறார்கள்.

அதற்குள் தொழுகை நேரம் வந்துவிட்டது. அந்த மனிதரும் நபியவர்களோடு தொழுதார். தொழுகை முடிந்ததும் மறுபடி எழுந்து அதையே சொன்னார். எங்களோடு நீர் தொழவில்லையா என்று நபியவர்கள் கேட்டார்கள். ஆம் என்றார். அல்லாஹ் உம்மை மன்னித்துவிட்டான் என்று அறிவித்தார்கள்.

அபூஉமாமா (ரலி) அவர்கள் வழியாக முஸ்லிமில் இதேபோன்ற ஒரு செய்தி இன்னும் விரிவாக வருகிறது. அந்த மனிதர் சொன்னபோது நபியவர்கள் மௌனமாக இருந்தார்கள். மறுபடி சொன்னபோதும் மௌனம். தொழுகை முடிந்து நபியவர்கள் திரும்பிச் செல்லும்போது அவர் பின்னாலேயே போகிறார். என்ன பதில் வரப்போகிறது என்று பார்க்க அபூஉமாமா அவர்களும் கூடவே போகிறார்கள். அப்போதும் நபியவர்கள் குற்றத்தைப் பற்றிக் கேட்கவில்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போது அழகாக உளூச் செய்தீரா, பிறகு எங்களோடு தொழுகையில் கலந்துகொண்டீரா என்றுதான் கேட்கிறார்கள்.

கவனியுங்கள். அவர் கெட்டதைச் சொல்லிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் செய்த நல்லதை நபியவர்கள் எடுத்துக் கையில் கொடுத்தார்கள். கேள்வி கேட்டார்கள், ஆனால் அவர் வெட்கப்படாமல் “ஆம்” என்று சொல்லக்கூடிய கேள்வி.

அந்த மௌனமும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மௌனம் அல்ல. “முதலில் விளக்கம் சொல், பிறகு ஸஃப்பில் நில்” என்று சொல்லவில்லை. மற்றவர்களோடு அவரும் நின்றார், ருகூஉ செய்தார், ஸஜ்தா செய்தார். பேச்சில் மௌனம், ஸஃப்பில் இடம். இரண்டும் சேர்ந்ததுதான் அந்தப் பதில்.

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இந்த ஹதீஸுக்கு வைத்த தலைப்பையும் பாருங்கள். ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அது இன்னது என்று விளக்காவிட்டால், அதிகாரத்தில் உள்ளவர் அதை மறைத்துவிடலாமா என்று தலைப்பிட்டிருக்கிறார்கள். தண்டனை கொடுக்கும் அதிகாரம் உள்ளவருக்கே இந்தப் பேச்சு என்றால், எந்த அதிகாரமும் இல்லாத நீங்களும் நானும் ஏன் துருவ வேண்டும்?

“மாஇஸ் (ரலி) அவர்களிடம் நபியவர்கள் விசாரித்தார்களே, ஹஜ்ரத்?” என்று ஓதிய பிள்ளைகள் கேட்கலாம். அவர் தன் குற்றத்தைப் பெயர் சொல்லி ஒப்புக்கொண்டு, தண்டனை கேட்டு நின்றார். தீர்ப்புச் சொல்பவருக்கு விவரம் தேவை. அங்கேயும் முதலில் திரும்பிப் போய் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்கும்படிதான் சொன்னார்கள். அவரை அப்படிப் போய்ச் சொல்லத் தூண்டியவர் ஹஸ்ஸால் (ரலி). அவரிடம் பிறகு நபியவர்கள், உம் துணியால் அவரை மூடி மறைத்திருந்தால் உமக்கு அது நன்றாக இருந்திருக்கும் என்ற கருத்தில் சொன்னதாக அபூதாவூதில் வருகிறது. விவரத்தை வெளியே இழுத்துவருவது நம் வேலை அல்ல என்பதற்கு இது போதும்.

சரி, என்ன பதில் எழுதுவது?

நான் தவறு செய்த அந்த இரவுக்குப் பிறகு இரண்டு வருடம் இருக்கும். வேறொரு தம்பியிடமிருந்து கிட்டத்தட்ட இதே செய்தி வந்தது. அவர் பின்னாளில், “இன்னொருத்தருக்கு உதவும்னா சொல்லுங்க ஹஜ்ரத்” என்று அனுமதி தந்ததால்தான் சொல்கிறேன். ஊரையும் பெயரையும் சொல்ல மாட்டேன்.

“ஹஜ்ரத், ஒரு தப்பு பண்ணிட்டேன்” என்று வந்தது. இந்த முறை நான் இப்படி எழுதினேன்: “அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. பார்த்துட்டேன். இங்கேதான் இருக்கேன். என்னன்னு சொல்லணும்னு அவசியம் இல்லை.”

அதற்கு மேல் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று கை துடித்தது. ஆயத் அனுப்பலாம், ஹதீஸ் அனுப்பலாம், ஆறுதல் சொல்லலாம் என்றெல்லாம் தோன்றியது. போனைக் கீழே வைத்துவிட்டேன். பத்து நிமிடம் கழித்து அவரே எழுதினார்: “அல்லாஹ் மன்னிப்பானா?”

இங்கேதான் நாம் இரண்டு பக்கமும் வழுக்குவோம். ஒரு பக்கம், “அது என்ன பாவம்கிறதைப் பொறுத்தது” என்று சொல்வது. இது மறுபடியும் விசாரணை. இன்னொரு பக்கம், “அட, அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா, விடு” என்று சொல்வது. இது அன்பு மாதிரித் தெரியும். ஆனால் அவர் என்ன செய்தார் என்று உங்களுக்குத் தெரியாதே! தெரியாத ஒன்றைச் சின்னது என்று சொல்வதும் ஒரு தீர்ப்புத்தான். அது அவருக்கும் தெரியும். “இவருக்கு விஷயம் தெரிந்தால் இப்படிச் சொல்வாரா?” என்று நினைப்பார். உங்கள் ஆறுதல் அவருக்குள் இறங்காது.

அந்த ஹதீஸில் நபியவர்கள் அல்லாஹ் மன்னித்துவிட்டான் என்றே சொன்னார்களே என்றால், அவர்களுக்கு வஹீ வருகிறது. நமக்கு வராது. எனவே “உன்னை மன்னித்தாச்சு” என்று சான்றிதழ் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. “உனக்கு மன்னிப்பே இல்லை” என்று கதவைச் சாத்தவும் உரிமை இல்லை. கதவு எங்கே இருக்கிறது என்று காட்டுவதுதான் நம் வேலை.

எனவே நான் எழுதினேன்: “தவ்பா செய்கிறவரை அல்லாஹ் மன்னிக்கிறான். அதற்கு மூன்று நிபந்தனை. அந்தத் தப்பை விட்டுவிடணும். செய்ததற்கு வருந்தணும். இனிச் செய்ய மாட்டேன்னு உறுதி எடுக்கணும். இன்னொரு மனிதருடைய உரிமை அதில் இருந்தா, நாலாவதா அதைத் திருப்பிக் கொடுக்கணும். இந்த நாலையும் உங்க மனசுக்குள்ளயே பார்த்துக்கோங்க. எனக்குப் பதில் வேண்டாம்.”

இதில் ஒரு வசதி இருக்கிறது, சகோதரர்களே. நிபந்தனைகளை வரிசையாகச் சொல்லிவிட்டால், தனக்கு எது பொருந்தும் என்று அவரே எடுத்துக்கொள்வார். மருந்துக்கடைக்காரர் எல்லா மருந்தையும் அலமாரியில் தெரியும்படி வைத்திருந்தால், நோயை உரக்கச் சொல்லாமலே தேவையானதைக் கை காட்டிவிடலாம் அல்லவா?

கொஞ்ச நேரத்தில் அவர் எழுதினார்: “நாலாவதும் இருக்கு ஹஜ்ரத். ஆனா போய்ச் சொன்னா பெரிய பிரச்சினை ஆயிடும்.”

இப்போதும் யாருடைய காசு, எவ்வளவு, எப்படி எடுத்தாய் என்று நான் கேட்கவில்லை. பொருள் சம்பந்தப்பட்டது என்றால் சட்டம் இதுதான் என்று மட்டும் சொன்னேன். உரியவரிடம் அது போய்ச் சேர வேண்டும். எப்படி வந்தது என்ற கதையைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்பது இல்லை. வேறொருவர் மூலமாகவோ, அவருடைய கணக்கில் சேரும்படியோ கொடுத்துவிடலாம். அவர் இறந்திருந்தால் வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டும். மொத்தமாக முடியாவிட்டால், கொடுத்தே தீருவேன் என்ற உறுதியோடு முடிந்த அளவு கொடுத்துக்கொண்டு வரலாம்.

பிறகு ஒரு அமலைச் சொன்னேன். பாவம் செய்த ஒருவர் நல்ல முறையில் சுத்தம் செய்து, இரண்டு ரக்அத் தொழுது, பாவமன்னிப்புக் கேட்டால் அல்லாஹ் மன்னிக்கிறான் என்ற செய்தி அபூபக்ர் (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. “இப்பவே எழுந்து உளூச் செய்துட்டு ரெண்டு ரக்அத் தொழுங்க. ஃபஜ்ருக்கு முடிஞ்சா பள்ளிக்கு வாங்க” என்றேன். தவறு செய்தவருக்கு அந்த இரவில் நீண்ட பேச்சு தாங்காது. உடனே செய்யக்கூடிய ஒரு வேலை தாங்கும்.

கேட்க வேண்டிய ஒரே கேள்வி

விவரம் கேட்கக் கூடாது என்றேன். ஆனால் ஒரு கேள்வியை அந்தத் தம்பியிடம் நான் கேட்டேன். “தம்பி, இப்ப நீங்க பத்திரமா இருக்கீங்களா? உயிரை விட்டுடலாம்னு ஏதாவது எண்ணம் வருதா?”

இது துருவுவது அல்ல. நடந்ததைப் பற்றிய கேள்வி அல்ல இது. நடந்துவிடக் கூடாததைப் பற்றிய கேள்வி. நள்ளிரவில் தனியாக இருந்து எழுதுகிறவரிடம் இதை நேராகவே கேட்க வேண்டும். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. இருக்கிற எண்ணத்தைச் சொல்ல வழி கிடைக்கும். “ஆமா” என்று பதில் வந்தால், மெஸேஜை நிறுத்திவிட்டு உடனே போன் செய்யுங்கள். அவருக்கு நெருக்கமான ஒருவர் பக்கத்தில் போய் உட்கார ஏற்பாடு செய்யுங்கள். நம் நாட்டில் 14416 என்ற டெலி மானஸ் எண் மனநல உதவிக்காக இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. தமிழிலும் பேசலாம்.

இதோடு சேர்ந்த இன்னொரு எல்லை. “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க” என்று சிலர் முதலிலேயே கேட்பார்கள். அவசரப்பட்டுச் சத்தியம் செய்துவிடாதீர்கள். “யார் உயிருக்கும் ஆபத்து இல்லாத வரை, எந்தப் பிள்ளைக்கும் தீங்கு இல்லாத வரை இது என்னோடு இருக்கும்” என்று சொல்லுங்கள். ஒரு குழந்தைக்குப் பாலியல் தீங்கு நடப்பது தெரியவந்தால் மறைப்பது ஸத்ர் அல்ல, அநியாயத்துக்குத் துணை போவது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் அதைத் தெரிவிக்க வேண்டியதைக் கடமையாக்கியிருக்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. அல்லாஹ் மறைக்கச் சொன்னது வருந்தித் திரும்பிய அடியானின் குறையை. இன்னொருவர் மீது நடந்துகொண்டிருக்கிற கொடுமையை அல்ல.

தாய்மார்களே, மேல் மாடியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரிகளே! இது உங்களுக்கு அதிகம் பொருந்தும். ஹாஸ்டலில் இருக்கிற மகள், “உம்மா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்” என்று எழுதினால், உடனே நம் மனம் ஒரே இடத்துக்குத்தான் ஓடும். “எவன் கூட?” என்று கேட்டுவிடுவோம். அந்தப் பிள்ளை பணம் தொலைத்திருக்கலாம். பரீட்சையில் தவறியிருக்கலாம். ஏமாந்து ஒருவனுக்குப் படம் அனுப்பிவிட்டு, அவன் இப்போது மிரட்டிக்கொண்டிருக்கலாம். “தப்பு பண்ணிட்டேன்” என்று சொல்பவர் எல்லாரும் தப்புச் செய்தவர் அல்ல. அநியாயம் செய்யப்பட்டவரும் அதே வார்த்தையைத்தான் சொல்வார். ஏனென்றால் மிரட்டுகிறவன் அப்படித்தான் அவரை நம்ப வைத்திருப்பான். நீங்கள் யூகித்துக் கேட்ட ஒரு கேள்வியில் அவள் வாய் மூடிவிட்டால், பிறகு அவளுக்கு அவனைத் தவிர வேறு யாரும் இல்லை. “சரிமா, உம்மா இருக்கேன். நீ எங்க இருக்க? பத்திரமா இருக்கியா?” இவ்வளவு போதும். மீதியை அவளே சொல்வாள். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு.

சூரத்துல் ஹுஜுராத்தில், 49ஆவது அத்தியாயத்தின் 12ஆவது வசனத்தில், கெட்ட எண்ணத்தையும், துருவித் துருவி ஆராய்வதையும், புறம் பேசுவதையும் அல்லாஹ் ஒரே வசனத்தில், இந்த வரிசையில் தடுக்கிறான். முதலில் யூகிப்போம். யூகம் சரியா என்று துருவுவோம். தெரிந்ததும் இன்னொருவரிடம் சொல்வோம். முதல் படியிலேயே நின்றுவிட்டால் மற்ற இரண்டும் வராது.

மறுநாள் காலையில்

பதில் எழுதியதோடு முடியவில்லை. மறுநாள் நாம் நடந்துகொள்வதும் அந்தப் பதிலில் சேர்த்திதான்.

அந்தச் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்காதீர்கள். “பெயர் சொல்லல, சும்மா சொல்றேன்” என்று மனைவியிடமோ நண்பரிடமோ ஆரம்பிக்காதீர்கள். ஊரில் பத்துப் பேர் இருக்கிற இடத்தில் பெயர் சொல்லாமலே ஆள் தெரிந்துவிடும். பள்ளியில் அவரைப் பார்த்தால் பாவமாகப் பார்க்காதீர்கள். வழக்கமாக எப்படி ஸலாம் சொல்வீர்களோ அப்படிச் சொல்லுங்கள். “அந்த விஷயம் என்னாச்சு?” என்று கேட்காதீர்கள், “எப்படி இருக்கீங்க தம்பி?” என்று கேளுங்கள். சொல்ல விரும்பினால் அதிலேயே சொல்வார்.

தவறு செய்தவருக்கும் ஒரு வார்த்தை. அல்லாஹ் மறைத்ததை நீங்களாக எல்லாரிடமும் திறந்து காட்ட வேண்டியதில்லை. தன் பாவத்தைத் தானே வெளியே சொல்லித் திரிபவரை நபியவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஹஜ்ரத்திடம் விவரம் சொன்னால்தான் தவ்பா கூடும் என்று நம் மார்க்கத்தில் இல்லை. வழி தெரியாவிட்டால் கேளுங்கள். “ஒருவர் இப்படிச் செய்துவிட்டால் என்ன சட்டம்?” என்று கேட்டாலே போதும். அந்த ஒருவர் யார் என்று நாங்கள் கேட்க மாட்டோம்.

அன்று அந்தத் தம்பி ஃபஜ்ருக்கு வந்தார். எந்த ஸஃப்பில் நின்றார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. தொழுகை முடிந்து எல்லாரும் முஸாஃபஹா செய்தபோது அவரும் செய்தார். கையைக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்திருந்தார். சில மாதங்கள் கழித்து, “நாலாவதும் முடிஞ்சது ஹஜ்ரத், அல்ஹம்துலில்லாஹ்” என்று ஒரு வரி எழுதினார். அவர் என்ன தப்புச் செய்தார் என்று எனக்கு இன்று வரை தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் வரவில்லை.

முதலில் எழுதிய அந்த இன்னொருவர் எங்கே இருக்கிறாரோ, அவருக்காகவும் துஆச் செய்வோம்.

யா அல்லாஹ்! நாங்கள் அறிந்தும் அறியாமலும் செய்த பாவங்களை மன்னிப்பாயாக! எங்கள் குறைகளை நீ மறைத்தது போல், பிறர் குறைகளை மறைக்கும் மனதை எங்களுக்குத் தருவாயாக! உன் பக்கம் திரும்ப வந்த எவரையும் எங்கள் நாவால் விரட்டிவிடாமல் எங்களைப் பாதுகாப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.